சொன்ன தேதியில் வீடு முடிவதில்லையா? அறிகுறி பார்த்துக் கணிப்பைச் சரிசெய்யும் வழி

எட்டு மாதத்தில் சாவி கொடுத்துவிடலாம் என்று சொல்லி ஆரம்பித்த வீடு, பதினோராவது மாதத்திலும் பூச்சு வேலையில் நிற்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருக்கும். மழை பெய்தது, எம்-சாண்ட் வரவில்லை, கம்பி கட்டுகிறவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தக் காரணம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் வேலைக்கு வேலை தாமதமாகிக்கொண்டே இருந்து, ஒன்றுகூட முன்கூட்டி முடியவில்லை என்றால், கோளாறு தளத்தில் மட்டும் இல்லை. அட்டவணை போட்ட மேசையிலும் இருக்கிறது.

டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் வெளியான ஒரு கட்டுரையில் இதற்கு 'பிளானிங் ஃபாலசி' என்று பெயர் வைத்தார்கள். திட்டமிடல் மயக்கம் என்று வைத்துக்கொள்வோம். இதே மாதிரி வேலைகள் முன்பெல்லாம் இழுத்துக்கொண்டு போனது நன்றாகத் தெரிந்திருந்தும், இந்த வேலை மட்டும் சொன்ன நாளில் முடிந்துவிடும் என்று மனதார நம்புவதுதான் அது. நல்லபடி நடக்கும் வாய்ப்பைக் கூட்டியும், தடங்கல் வரும் வாய்ப்பைக் குறைத்தும் பார்க்கிற நம்பிக்கைச் சாய்வு இதற்கு அடியில் வேலை செய்கிறது.

வீடு கட்டும் வேலைக்கு அட்டவணை போடும் சைட் இன்ஜினியர், சிறு கான்ட்ராக்டர், சொந்தமாக ஆள் வைத்துக் கட்டும் வீட்டுக்காரர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்களிடம் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் அறிகுறியின் கீழ் உள்ள கணக்கை எல்லோரும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மற்ற திருத்தங்கள் எல்லாம் அந்த எண்ணை நம்பித்தான் நிற்கின்றன.

அறிகுறி 1: தாமதம் எப்போதும் ஒரே பக்கம்தான்

சோதனை எளிது. முடிந்த பழைய வேலைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆரம்பத்தில் சொன்ன காலத்தையும் உண்மையில் ஆன காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஆன காலத்தைச் சொன்ன காலத்தால் வகுங்கள். விடை 1 என்றால் சொன்னபடி முடிந்திருக்கிறது. 1.5 என்றால் ஒன்றரை மடங்கு ஆகியிருக்கிறது. 0.9 என்றால் முன்கூட்டியே முடிந்திருக்கிறது.

எண்கள் 1-க்கு இரண்டு பக்கமும் சிதறிக் கிடந்தால், அதாவது சிலது 0.8, சிலது 1.2 என்று இருந்தால், உங்களுக்குத் திட்டமிடல் மயக்கம் இல்லை. உங்கள் வேலையில் ஏற்ற இறக்கம் அதிகம், அவ்வளவுதான். அதற்கு மருந்து வேறு. எண்கள் கிட்டத்தட்ட எல்லாமே 1-க்கு மேலே நின்றால் சாய்வு உறுதி.

ஒரு சிறு கான்ட்ராக்டர் முடித்த பத்து வீடுகளை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காக நான் வைத்த எண்கள் இவை. சொன்னதும் ஆனதும் மாதக் கணக்கில்: 8-க்கு 10, 7-க்கு 10, 9-க்கு 10, 8-க்கு 13, 6-க்கு 8, 10-க்கு 13, 8-க்கு 8, 7-க்கு 11, 9-க்கு 13, 6-க்கு 12. வகுத்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 1.00, 1.11, 1.25, 1.30, 1.33, 1.43, 1.44, 1.57, 1.63, 2.00 என்று வரும். பத்தில் ஒன்றுதான் சொன்ன நாளில் முடிந்திருக்கிறது. முன்னதாக ஒன்றுகூட இல்லை.

எக்செல் ஷீட்டில் A பத்தியில் சொன்னது, B பத்தியில் ஆனது, C பத்தியில் வகுத்த விடை என்று வைத்து, கீழே இரண்டு வரி போடுங்கள்.

```
=MEDIAN(C2:C11)
=PERCENTILE(C2:C11,0.8)
```

முதல் வரி 1.38 தரும். பாதி வேலைகள் இதற்குள் முடிந்தன, பாதி இதைத் தாண்டின என்று அர்த்தம். இரண்டாவது வரி 1.58 தரும். பத்தில் எட்டு வேலைகள் இதற்குள் முடிந்திருக்கின்றன. இப்போது புதிதாக ஒரு வீட்டுக்கு வழக்கம்போல 8 மாதம் என்று அட்டவணை வந்தால், 8-ஐ 1.38-ஆல் பெருக்குங்கள். சுமார் 11 மாதம். முடிவதற்கும் முடியாமல் போவதற்கும் சரிபாதி வாய்ப்புள்ள தேதி அது. 1.58-ஆல் பெருக்கினால் 13 மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தத் தேதியை நம்பி வீட்டுக்காரர் வாடகை வீட்டைக் காலி செய்யலாம்.

இந்த முறைக்கு நிபுணர்கள் வைத்திருக்கும் பெயர் ரெஃபரன்ஸ் கிளாஸ் ஃபோர்காஸ்டிங். பெயர் பெரிது, வேலை இவ்வளவுதான்: கையிலிருக்கும் வேலைக்குள் தலையை விடுவதற்கு முன்னால், இதே வகையில் முடிந்துபோன வேலைகளின் வரிசையில் நின்று பார்ப்பது.

இந்தக் கணக்கு கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. பட்டியலில் 2.00 என்று ஒரு வேலை இருக்கிறதே, அதைப் பார்த்ததும் கை தானாக அதை அடிக்கப் போகும். "அது ஓனருக்கு லோன் நின்னுபோன கேஸ், அதைச் சேர்க்கக் கூடாது" என்று தோன்றும். அப்புறம் 1.63 வரும். "அது பக்கத்து வீட்டுக்காரர் எல்லைத் தகராறு பண்ணினது." இப்படி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் கடைசியில் மிஞ்சுவது எல்லாம் சரியாக நடந்த வேலைகள் மட்டும்தான். மயக்கம் பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிட்டது. லோன் பிரச்சினை இந்த வீட்டுக்கு வராமல் இருக்கலாம். ஆனால் பத்து வீட்டில் ஒன்பதுக்கு ஏதோ ஒன்று வந்திருக்கிறது, இதற்கும் ஏதோ ஒன்று வரும். காரணம் ஒவ்வொரு முறையும் மாறும், தாமதம் மாறுவதில்லை. அதனால் எதையும் அடிக்காதீர்கள். பாதியில் நின்றுபோன வேலை இருந்தால் அதையும் பட்டியலில் எழுதிவையுங்கள். அதற்கு விகிதம் போட முடியாது, ஆனாலும் பத்தில் ஒன்று நின்றுபோகிற வேலை என்று தெரிவதே ஒரு தகவல்.

வகையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். அதே தெரு, அதே பிளான், அதே மேஸ்திரி என்று குறுக்கிக்கொண்டே போனால் இரண்டு வேலைதான் மிஞ்சும், அதில் ஒன்றும் கற்க முடியாது. வீடு, கடை, கல்யாண மண்டபம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினாலும் பயனில்லை. தனி வீடு, தரைத்தளம் அல்லது ஒரு மாடி, ஒரே கான்ட்ராக்டர் என்ற அளவு போதும்.

அறிகுறி 2: பழைய வேலைகளுக்குப் பதிவே இல்லை

பெரும்பாலும் பதிவு இருக்கிறது, வேறு பெயரில் இருக்கிறது. வீட்டுக் கடன் வாங்கிய வேலை என்றால், வங்கி கட்டம் கட்டமாகப் பணம் விடுவித்த தேதிகள் பாஸ்புக்கில் இருக்கும். அஸ்திவாரம், லிண்டல், ரூஃப், பூச்சு என்று கட்டத்துக்கு ஒரு தேதி கிடைத்துவிடும். கட்டுமானத்துக்காக வாங்கிய தற்காலிக மின் இணைப்பின் தேதி, சிமென்ட் கடை பில், மேஸ்திரிக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்த நோட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பிய தளப் புகைப்படம் எல்லாமே தேதி போட்ட சாட்சிகள். நினைவிலிருந்து மட்டும் எழுதாதீர்கள். முடிந்த வேலையை நினைக்கும்போது காத்திருந்த நாட்கள் மறந்துபோய், வேலை நடந்த நாட்கள் மட்டும் நினைவில் நிற்கும்.

எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பூமி பூஜை போட்டுவிட்டு இரண்டு மாதம் கழித்துக் குழி தோண்டுகிறவர்கள் உண்டு. முகூர்த்தம் தவறக் கூடாது என்று டைல்ஸ் ஒட்டாமலே கிருஹப்பிரவேசம் செய்துவிடுகிறவர்களும் உண்டு. குழி தோண்டிய முதல் நாளிலிருந்து, கடைசி ஆள் கருவிகளை எடுத்துக்கொண்டு போன நாள் வரை என்று வைத்துக்கொண்டால் ஏமாற வழியில்லை.

உங்களுக்கென்று ஒரு வேலைகூட முடிந்திருக்கவில்லை என்றால், அதே ஊரில் அண்மையில் வீடு கட்டிய நாலைந்து பேரைக் கேளுங்கள். வெளிநாட்டு அட்டவணையை எடுத்து ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிரிட்டன் நிதித்துறை இதற்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மாட் மெக்டொனால்ட் நிறுவனம் 2002-இல் 50 பெரிய அரசுத் திட்டங்களை ஆராய்ந்து சொன்னதன் அடிப்படையில், வழக்கமான கட்டடம் என்றால் செலவுக் கணிப்பில் 24 சதவீதம் வரை கூட்ட வேண்டும், வழக்கத்துக்கு மாறான கட்டடம் என்றால் 51 சதவீதம் வரை கூட்ட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு வழிகாட்டியது. நமக்கு அந்த எண்கள் பொருந்தாது. வகை மாறினால் சாய்வின் அளவு இரட்டிப்பாகிவிடலாம் என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வளைந்த சுவரும் இரட்டை உயரக் கூடமும் உள்ள வீட்டுக்கு, சாதாரண வீட்டின் விகிதத்தைப் போடாதீர்கள்.

அறிகுறி 3: இருபது வருட அனுபவசாலியைக் கேட்டும் கணிப்பு தவறுகிறது

அனுபவம் போதவில்லை என்று நினைக்க வேண்டாம். கேட்ட கேள்வி அந்த அனுபவத்தைத் தொடவில்லை.

இதற்கு மிகச் சரியான உதாரணம் கானமனுக்கே நடந்தது. 1970-களில் இஸ்ரேலில், உயர்நிலைப் பள்ளிகளுக்கு முடிவெடுத்தல் பற்றிய பாடநூல் ஒன்றை எழுத ஒரு குழு அமைத்திருந்தார். வேலை ஓரளவு நகர்ந்திருந்தது. ஒருநாள் குழுவில் எல்லோரையும், இன்னும் எவ்வளவு காலம் ஆகும் என்று தனித்தனியாகத் தாளில் எழுதித் தரச் சொன்னார். எல்லாரும் ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டரை வருடத்துக்குள் எழுதினார்கள். குழுவில் சீமோர் ஃபாக்ஸ் என்ற கல்வியியல் பேராசிரியர் இருந்தார். பாடத்திட்டம் எழுதுவதில் அவர்தான் நிபுணர். அவரும் அதே அளவில்தான் எழுதியிருந்தார்.

அடுத்து கானமன் அவரிடம் வேறு மாதிரி கேட்டார்: இதேபோல் புதிதாகப் பாடநூல் எழுதத் தொடங்கிய மற்ற குழுக்கள், நாம் இப்போது நிற்கும் கட்டத்திலிருந்து முடிக்க எவ்வளவு காலம் எடுத்தன? ஃபாக்ஸ் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்ன பதில் எல்லோரையும் திகைக்க வைத்தது. சுமார் 40 சதவீதக் குழுக்கள் முடிக்கவே இல்லை. முடித்தவர்களில் ஏழு வருடத்துக்குக் குறைவாக எடுத்தவர்கள் யாரும் அவர் நினைவுக்கு வரவில்லை. பத்து வருடத்துக்கு மேலும் இல்லை. நம் குழு அவர்களைவிடத் திறமையானதா என்று கேட்டதற்கு, சராசரிக்குக் கொஞ்சம் கீழே என்றார். இத்தனையும் அவர் தலைக்குள் இருந்தது. சில நிமிடங்களுக்கு முன்னால் தாளில் எண்ணை எழுதும்போது அது வெளியே வரவில்லை. குழுவும் அதைக் கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தது. நூல் முடிய எட்டு வருடம் ஆனது.

தளத்தில் இதைச் சரிசெய்ய, கேள்வியின் வரிசையை மாற்றினால் போதும். பிளானை விரித்து வைத்து, "மேஸ்திரி, இது எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டால், அவர் அந்தப் பிளானைப் பார்த்து, தன் ஆட்கள் தினமும் வந்து, பொருள் தினமும் இறங்கி வேலை நடப்பதை மனதில் ஓட்டிப் பார்த்துச் சொல்வார். "நாப்பது நாள்ல முடிச்சிரலாம் சார்" என்பார். பொய் சொல்லவில்லை, அவர் பார்த்த காட்சியில் நாற்பது நாள்தான். பிளானை மூடி வைத்துவிட்டு முதலில் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, கடைசியா முடிச்ச மூணு வீட்டுல ரூஃப் பலகை பிரிச்சதுலேர்ந்து பூச்சு முழுசா முடியிற வரைக்கும் எத்தனை நாள் ஆச்சு?" விரல் விட்டு எண்ணுவார், பொங்கலுக்கு முன்னாடியா பின்னாடியா என்று யோசிப்பார், அறுபத்தைந்து, எழுபது என்று பதில் வரும். அதற்கு அப்புறம் பிளானை விரியுங்கள். அந்த மூன்று வீடுகளைவிட இது பெரிதா, சிறிதா, ஜன்னல் சன்ஷேடு அதிகமா என்று பார்த்து அந்த எழுபதிலிருந்து கொஞ்சம் மேலேயோ கீழேயோ நகரலாம். நாற்பதிலிருந்து ஆரம்பித்து மேலே ஏற முயன்றால், முதலில் சொன்ன எண்ணை விட்டு மனம் அதிக தூரம் போகாது.

அறிகுறி 4: 'மோசமான நிலை' என்று சொன்ன தேதியும் தாண்டிப்போகிறது

எச்சரிக்கையாக இருப்பவர்கள் வழக்கமாகச் செய்வது, மூன்று எண் கேட்பது. எல்லாம் நல்லபடி நடந்தால் எத்தனை நாள், சாதாரணமாக எத்தனை நாள், எல்லாம் கெட்டுப்போனால் எத்தனை நாள். முறை நல்லதுதான். ஆனால் மூன்றாவது எண்ணும் அதே மனதிலிருந்துதான் வருகிறது.

ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் இதைத்தான் கேட்டார்கள். சாதாரணக் கணிப்பு சராசரியாக 33.9 நாள் வந்தது. எல்லாம் நல்லபடி நடந்தால் 27.4 நாள். எல்லாமே மோசமாகப் போனால் 48.6 நாள். உண்மையில் சராசரியாக 55.5 நாள் ஆனது. அந்த மாணவர்களின் மோசமான நிலைகூட நடந்ததைவிட ஒரு வாரம் நல்லதாக இருந்தது. சாதாரணக் கணிப்பும் நல்ல நிலைக் கணிப்பும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதையும் பாருங்கள். 'சாதாரணமாக' என்று கேட்டால்கூட, ஏறக்குறைய எதுவும் தவறாத கதையைத்தான் மனம் சொல்கிறது.

உங்களுக்கு இந்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க, அட்டவணையில் உள்ள மூன்று எண்களையும் உங்கள் பழைய விகிதத்தோடு ஒப்பிடுங்கள். பூச்சுக்கு 40 நாள், மோசமானால் 48 நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது மோசமான நிலைக்கு 1.2 மடங்கு. மேலே பார்த்த பத்து வீட்டில் எட்டு 1.2-ஐத் தாண்டியிருக்கின்றன. அப்படியானால் அந்த 48 மோசமான நிலை இல்லை, நல்ல நிலைகளில் ஒன்று. மூன்றாவது எண்ணைக் கற்பனையிலிருந்து வாங்காமல், பட்டியலின் மேல் முனையிலிருந்து எடுங்கள்.

வரப்போகும் தடங்கல்களைக் கற்பனையில் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், கேரி க்ளைன் என்ற உளவியலாளர் சொல்லும் ஒரு வழி இருக்கிறது. 'என்ன தவறலாம்?' என்று கேட்கக் கூடாது. 'வேலை ஏற்கெனவே மூன்று மாதம் தாமதமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம், ஏன் ஆனது என்று ஆளுக்கு ஒரு தாளில் எழுதுங்கள்' என்று சொல்ல வேண்டும். தாமதம் முடிவாகிவிட்டதால், எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் கூச்சப்படாமல் எழுதுவார்கள். இதைத் தடங்கலைத் தடுக்கப் பயன்படுத்துங்கள். இதிலிருந்து நாட்களைக் கணக்குப் போடாதீர்கள், அதற்குப் பட்டியல்தான்.

அறிகுறி 5: ஒவ்வொரு வேலையின் கணிப்பும் சரி, மொத்தம் மட்டும் தவறு

தனித்தனியாக எல்லோரும் சொன்னபடி முடிக்கிறார்கள், வீடு மட்டும் முடியவில்லை என்றால், வேலைகள் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். ரூஃப் கான்கிரீட் போடும் நாளை எடுத்துக்கொள்வோம்.

அன்று காலை மிக்சர் மெஷின் வந்து நிற்கும்போது சென்ட்ரிங் பலகை அடித்து முடிந்திருக்க வேண்டும். அதன் மேல் கம்பி கட்டி, இன்ஜினியர் பார்த்திருக்க வேண்டும். மின்சாரப் பைப்பும் ஃபேன் பாக்ஸும், பிளம்பருடைய குழாய்த் துளைகளும் கம்பிக்கு நடுவே வைத்திருக்க வேண்டும். கணக்குக்குச் சென்ட்ரிங்-கம்பி குழு, எலக்ட்ரீஷியன், மிக்சர்-ஆட்கள் குழு என்று மூன்று தரப்பு என்று வைத்துக்கொள்வோம். மூவரும் நம்பிக்கையானவர்கள், ஒவ்வொருவரும் பத்துக்கு எட்டு முறை சொன்ன நாளில் தயாராக இருப்பவர்கள். ஒருவர் தாமதம் இன்னொருவரைச் சார்ந்திராவிட்டால், மூவரும் ஒரே காலையில் தயாராக இருக்கும் வாய்ப்பு 0.8 × 0.8 × 0.8, அதாவது 51 சதவீதம். எல்லோரும் நல்லவர்கள், ஆனாலும் கான்கிரீட் நாள் இரண்டில் ஒருமுறை தள்ளிப்போகும். ஒருவர் சீக்கிரம் முடித்தாலும் லாபமில்லை, மற்றவருக்காகக் காத்திருப்பார். ஒருவர் தாமதித்தால் எல்லோரும் தாமதம். தாமதம் மட்டும் கைமாறிப் போகிறது, சீக்கிரம் போவதில்லை.

தள்ளிப்போனது ஒரு நாளோடு நிற்பதுமில்லை. அந்த மிக்சர் குழு அடுத்த நாள் வேறு தளத்தில் புக் ஆகியிருக்கும், திரும்ப அவர்கள் கிடைக்க நான்கைந்து நாள் ஆகலாம்.

இதற்குத் திருத்தம், அட்டவணையில் சந்திப்பு நாட்களை மட்டும் தனியாகக் குறித்து, அங்கே இடைவெளி வைப்பது. ரூஃப், டைல்ஸ் ஆரம்பம், கடைசிப் பெயின்ட் ஆகிய மூன்று இடங்கள் ஒரு வீட்டுக்குப் போதும். வேலை என்ற பெயரே இல்லாத நாட்களையும் வரியாக எழுதுங்கள். இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 456-இன்படி, சாதாரண சிமென்டில் போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்த வேண்டும், கலப்பு சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள். ஸ்லாபைத் தாங்கும் சுவர்களுக்கு இடையிலான தூரம் நாலரை மீட்டருக்குள் என்றால் 7 நாள், அதற்கு மேல் என்றால் 14 நாள் முட்டுகள் நிற்க வேண்டும். ஆள் வேலை செய்யாத நாட்கள் என்பதால் இவை அட்டவணையிலிருந்து நழுவிவிடும். வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து எழுதினால் கணிப்பு நீளும், உண்மைக்கு நெருங்கும் என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. நீளக் காரணம் இப்படி விட்டுப்போனவை உள்ளே வருவதுதான்.

அறிகுறி 6: கூடுதல் நாள் வைத்தும் பலனில்லை, அல்லது கணிப்பு இப்போது அநியாயத்துக்கு நீள்கிறது

கூடுதல் நாளை எங்கே வைத்தீர்கள் என்று பாருங்கள். பூச்சுக்கு 40 நாள் என்பதை 55 என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டால், முதல் இரண்டு வாரம் அவர் ஆட்கள் வேறு தளத்துக்குப் போய்விடுவார்கள். அது அவர் நியாயம், அவருக்கு நாள் இருக்கிறது. கூடுதல் நாளை வேலைக்கு வேலை பங்கு போட்டுக் கொடுக்காமல், சந்திப்பு நாட்களுக்கு வேண்டியது போக மீதியை மொத்தமாக அட்டவணையின் கடைசியில் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் எட்டு மாத அட்டவணை, வீட்டுக்காரரிடம் பதினொன்று, பதின்மூன்று என்ற இரண்டு தேதி. கடைசியில் வைத்த நாட்களில் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு கரைந்தது என்று எழுதிவந்தால், தாமதம் முன்கூட்டியே கண்ணில் படும். வேலை மூன்றில் ஒரு பங்கு முடிந்திருக்க, கூடுதல் நாட்களில் பாதி போய்விட்டது என்றால் அப்போதே வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்.

கணிப்பு மிதமிஞ்சி நீண்டால், ஒரே தடங்கலை இரண்டு முறை எண்ணியிருப்பீர்கள். பழைய விகிதத்தில் மழையும் பண்டிகையும் ஆள் பற்றாக்குறையும் ஏற்கெனவே இருக்கின்றன. அதற்கு மேல் வடகிழக்குப் பருவமழைக்கு என்று இன்னும் ஒரு மாதம், பொங்கலுக்கு இரண்டு வாரம் சேர்த்தால் இரட்டைக் கணக்கு. பெருக்குவதற்கு எடுக்கும் அடிப்படை எண், பழைய வேலைகளுக்கு நீங்கள் போட்ட அதே பாணியில் போட்டதாக இருக்க வேண்டும். இப்போது திருந்தி, அடிப்படை அட்டவணையிலேயே காத்திருப்பு நாட்களையும் இடைவெளிகளையும் சேர்த்துவிட்டீர்கள் என்றால், பழைய 1.38 அதற்குப் பொருந்தாது. புதிய பாணியில் நாலைந்து வேலை முடிந்த பிறகு புதிய விகிதம் போடுங்கள். அதுவரை மொத்தத் தேதிக்குப் பழைய பாணிக் கணக்கையும், தளத்தை நடத்துவதற்குப் புதிய அட்டவணையையும் வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி 7: எண் முதலில் வந்துவிட்டது, கணக்கு அப்புறம் வந்தது

வீட்டுக்காரர் ஆவணியில் முகூர்த்தம் குறித்துவிட்டார். அல்லது பக்கத்துக் கான்ட்ராக்டர் ஏழு மாதம் என்று சொல்லிவிட்டார், நாம் எட்டு என்றால் வேலை போய்விடும். இங்கே கணிப்பவர் ஏமாறவில்லை, தெரிந்தே குறைத்துச் சொல்கிறார். வெளியிலிருந்து பார்க்கத் திட்டமிடல் மயக்கம் போலவே இருக்கும், ஆனால் மேலே சொன்ன எந்தத் திருத்தமும் பலிக்காது. கண்டுபிடிக்கும் வழி: அதே ஆளைத் தனியாக, பெயர் எழுதாத தாளில் எண் கேளுங்கள். தனியாகச் சொல்வதும் எல்லோர் முன்னால் சொல்வதும் ஒன்றாக இருந்தால் மயக்கம். தனியாகச் சொல்வது நீளமாக இருந்தால் நெருக்கடி.

சரியான எண் கையில் இருந்தாலும் அது மட்டும் போதாது என்பதைப் பெரிய அளவில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்து டிராம் காட்டியது. அதன் இரண்டாம் வழித்தடத்துக்கு மட்டும் 2004-இல் அடிப்படைச் செலவு 25.5 கோடி பவுண்டு, கூடுதல் ஒதுக்கீட்டையும் சேர்த்து சுமார் 32 கோடி என்று கணக்குக் காட்டினார்கள். முடிந்துபோன ரயில் திட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், பத்துக்கு எட்டு நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமானால் 40 கோடி வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்திலேயே சரியான முறையில் போட்ட எண் அது. பிற்பாடு திட்டத்தின் வடிவமே மாறியது. நிலத்தடிக் குழாய்களை இடம் மாற்றுவதிலும் ஒப்பந்தக்காரரோடு வந்த தகராறிலும் வருடங்கள் போயின. 2014 மே 31-இல், முதலில் நினைத்ததைவிடக் குறுகிய ஒரே தடம் ஓடத் தொடங்கியபோது மொத்தச் செலவு 77.6 கோடி பவுண்டு. வழித்தடங்கள் வேறு என்பதால் 40-ஐயும் 77.6-ஐயும் நேருக்கு நேர் வைக்க முடியாது. ஆனாலும் எச்சரிக்கை எண் ஒன்று கையில் இருப்பது மட்டும் வேலையைக் காப்பாற்றாது என்பது தெரிகிறது. ஒப்பந்தமும் தரைக்கடியில் என்ன இருக்கிறது என்ற தகவலும் சரியாக இல்லாவிட்டால், பழைய பட்டியலின் மேல் முனையையும் தாண்டிப் போகலாம்.

தேதி மாறாது என்றால், தேதியோடு சண்டை போடாமல் கேள்வியைத் திருப்புங்கள். ஆவணிக்கு ஐந்து மாதம் இருக்கிறது. உங்கள் 1.58-ஐக் கொண்டு ஐந்தை வகுத்தால் சுமார் 3.2. பழைய பாணி அட்டவணையில் மூன்று மாத வேலை எதுவோ, அதுதான் முகூர்த்தத்துக்குள் நம்பிக்கையாக முடியும். கூரையும் பூஜை அறையும் அடுப்படியும் ஒரு குளியலறையும் அந்த மூன்று மாதத்துக்குள் வருமா, மாடியையும் காம்பவுண்டுச் சுவரையும் பின்னால் வைத்துக்கொள்ளலாமா என்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் ஒத்துக்கொண்டதை இரண்டு பட்டியலாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒன்று முகூர்த்தத்துக்கு முன், மற்றொன்று பின்.

அதே நாளில், அந்த வேலைக்கான முதல் கணிப்பையும் ஷீட்டில் A பத்தியில் எழுதிவிடுங்கள். நடுவில் தேதி எத்தனை முறை மாறினாலும் அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள். தள்ளிப்போன பிறகு திருத்திய தேதியைச் 'சொன்ன தேதி' என்று எழுதினால் எல்லா வேலையும் 1.00 என்றே வரும், அடுத்த வீட்டுக்குப் பெருக்க எண் இருக்காது.